லேசான அணுக்கருவுக்கு ஏன் இந்த மவுசு?

1934 அக்டோபர். ரோம் நகரில் என்ரிகோ ஃபெர்மியின் குழு, வெள்ளித் துண்டுகளை நியூட்ரானால் தாக்கி, அவற்றில் உண்டாகும் கதிரியக்கத்தை அளந்துகொண்டிருந்தது. அளவுகள் ஒத்துவரவில்லை. மர மேசையில் வைத்துச் செய்தால் கதிரியக்கம் கூடுதலாக வந்தது, பளிங்கு மேசையில் குறைவாக வந்தது. 22-ஆம் தேதி காலை, நியூட்ரான் வரும் வழியில் ஃபெர்மி ஒரு பாரஃபின் மெழுகுக் கட்டியை வைத்துப் பார்த்தார். கதிரியக்கம் குறையவில்லை, பன்மடங்கு ஏறியது. அன்றே அவர் காரணத்தையும் சொன்னார். மரத்திலும் மெழுகிலும் ஹைட்ரஜன் நிறைய இருக்கிறது. அதில் மோதி மோதி நியூட்ரானின் வேகம் தணிகிறது. வேகம் தணிந்த நியூட்ரானை அணுக்கரு எளிதில் பிடித்துக்கொள்கிறது.

வெப்ப நியூட்ரான் உலைகள் இந்த உண்மையை நம்பித்தான் ஓடுகின்றன. யுரேனியம் பிளக்கும்போது சிதறும் நியூட்ரானின் ஆற்றல் சுமார் 20 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். வேகம் நொடிக்கு 20,000 கிலோமீட்டர். அதே நியூட்ரான் 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்கினால், வேகம் நொடிக்கு 2.2 கிலோமீட்டர்தான். இப்படித் தணிந்த நியூட்ரான் யுரேனியம்-235 அணுக்கருவைப் பிளக்கும் வாய்ப்பு, வேக நியூட்ரானைவிட ஏறக்குறைய 500 மடங்கு அதிகம். இந்தத் தணிக்கும் வேலைக்காக உலையில் வைக்கப்படும் பொருள்தான் தணிப்பான்.

கோலி ஆடியவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். ஒரு கோலி அதே எடையுள்ள இன்னொன்றை நேராக அடித்தால், அடித்தது நின்றுவிடும், அடிபட்டது ஓடும். அதே கோலியை அம்மிக்கல்லில் அடித்தால் கிட்டத்தட்ட அதே வேகத்தில் திரும்பி வரும். நியூட்ரானுக்குச் சம எடை ஹைட்ரஜனின் கரு. நேர் மோதலில் நியூட்ரான் தன் முழு ஆற்றலையும் அதனிடம் விட்டுவிட முடியும். இரட்டை எடையுள்ள டியூட்டிரியத்திடம் அதிகபட்சம் 89 சதவீதம் இழக்கலாம், கார்பனிடம் 28 சதவீதம். யுரேனியம்-238 போன்ற கனத்த கருவிடம் 2 சதவீதம்கூட இழக்காது.

எல்லா மோதலும் நேராக நடப்பதில்லை; பல உரசல்களாகவே போகும். அவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், நியூட்ரான் தணிந்து முடிய ஹைட்ரஜனில் சுமார் 18 மோதல்கள் போதும். டியூட்டிரியத்தில் 25, கார்பனில் 115. யுரேனியம்-238 கருவிலோ இரண்டாயிரத்துக்கும் மேல்.

இந்த எண்ணிக்கை குறைவாக இருப்பது ஏன் முக்கியம்? இறங்கும் வழியில் பொறிகள் இருக்கின்றன. எரிபொருளில் பெரும்பங்கான யுரேனியம்-238, சில குறிப்பிட்ட ஆற்றல்களில் நியூட்ரானை ஆவேசமாக விழுங்கும், 6.7 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி அப்படி ஒரு பொறி உண்டு. சிறு சிறு படியாக இறங்கும் நியூட்ரான் இந்தப் பொறிகளில் கால் வைக்க நேரும். பெரிய படியாகத் தாவினால் பலவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

அப்படியானால் லேசான எதுவும் தணிப்பானாகுமா? ஆகாது. தணிப்பானே நியூட்ரானை விழுங்கிவிடக் கூடாது. லித்தியமும் போரானும் கார்பனைவிட லேசானவைதான், ஆனால் இயற்கையில் கிடைக்கும் நிலையில் இரண்டும் நியூட்ரானை வாரி விழுங்கும். கார்பனில் பத்து லட்சம் அணுவுக்கு ஐந்து போரான் அணு கலந்திருந்தாலே நியூட்ரான் இழப்பு இரு மடங்காகும். அதனால்தான் 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் இயங்கிய முதல் உலைக்குப் போரான் மாசு நீக்கிய கிராஃபைட் தேவைப்பட்டது. ஹீலியம் விழுங்காது, ஆனால் வாயு. கருக்கள் அவ்வளவு தள்ளித்தள்ளி இருப்பதால் மோதல் போதுமான அளவு நடக்காது.

மிகச் சிறப்பாகத் தணிக்கும் சாதாரண ஹைட்ரஜனுக்கும் இந்தக் குறை உண்டு. டியூட்டிரியத்தைவிட 600 மடங்குக்கு மேல் அது நியூட்ரானை விழுங்குகிறது. ஆகவே, சாதாரண நீரைத் தணிப்பானாகக் கொண்ட கூடங்குளம் உலைகளுக்கு, யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டிச் செறிவூட்டிய எரிபொருள் தேவை. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலைய உலைகளில் கனநீர் தணிப்பான். அங்கே மோதல்கள் சற்றுக் கூடினாலும் நியூட்ரான் வீணாவது குறைவு. 235-இன் பங்கு 0.7 சதவீதமே உள்ள இயற்கை யுரேனியமே போதுமானதாகிறது.

ஆனால் அந்தக் கனநீர் தூய்மையாக இருக்க வேண்டும். அதில் 0.2 சதவீதம் சாதாரண நீர் கலந்தாலே, அதிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கும் நியூட்ரான்கள், டியூட்டிரியம் முழுவதும் சேர்ந்து விழுங்குவதைவிட அதிகமாகிவிடும். ஆகவே இத்தகைய உலைகளில் கனநீரின் தூய்மையை அடிக்கடி சோதிக்கிறார்கள். தரம் இறங்கிய கனநீரை வாலை வடித்துச் சாதாரண நீரைப் பிரித்தெடுத்து, மீண்டும் உலைக்கே அனுப்புகிறார்கள்.