கோமாரிப் புண்ணின் வயதை அறிவது எப்படி?

கோமாரி என்றும் காணை என்றும் நம்மவர் சொல்லும் நோய், 2013-ஆம் ஆண்டில் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பெருவாரியாகப் பரவியது. ‘ஓ’ வகைக் கிருமியே அதற்குக் காரணம். மாட்டுச் சந்தைகள் பல அப்போது நிறுத்தப்பட்டன. நோய் பெரும்பாலும் மாட்டோடு நடந்தே ஊருக்கு வருவதால், அது எந்த நாளில் வந்தது என்று கணக்கிடத் தெரிந்திருப்பது அங்கத்தினர்களுக்குப் பயன்படும்.

காய்ச்சல் கண்ட மாடு தீனி எடுக்காது; வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகும்; காலை உதறி நொண்டும். அப்போது நாக்கு, ஈறு, குளம்பின் பிளவு, மடிக்காம்பு ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். முதல் இரண்டு நாட்களில் வெளிறிய கொப்புளம் காணப்படும். உள்ளே வைக்கோல் நிற நீர் இருக்கும். அது விரைவில் உடைந்துவிடும். மூன்றாம் நாளளவில் ஓரம் கூர்மையான சிவந்த புண்ணும் கிழிந்த தோலும் தெரியும். நான்கு முதல் ஆறு நாட்களில் புண்ணின்மேல் மஞ்சள் படலம் படரும். ஒரு வாரத்திற்குமேல் வடுவே எஞ்சும். வாய்ப்புண் விரைந்து ஆறுவதால், பழைய நோயைக் குளம்பிலேதான் தேட வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். மந்தாரக்குப்பத்துப் பக்கம் ஒரு தொழுவில் 20-ஆம் தேதி பசுவின் நாக்கில் மூன்று நாள் புண் காணப்படுகிறது. ஆகவே நோய் வெளிப்பட்டது ஏறத்தாழ 17-ஆம் தேதி. கிருமி உடலில் புகுந்து 2 முதல் 14 நாட்களில் நோய் தோன்றும். எனவே 3-ஆம் தேதிக்கும் 15-ஆம் தேதிக்கும் இடையில் அத்தொழுவுக்கு வந்த மாடு, தரகர், வண்டி, தீவனம் எவை என்று விசாரிக்க வேண்டும். அறிகுறி தோன்றுமுன்பே பாலில் கிருமி வெளிப்படலாமாதலால், அந்நாட்களில் பால் சென்ற இடங்களையும் விட்டுவிடலாகாது.

கறவை குறைவதோடு நஷ்டம் முடிவதில்லை. சினைமாடு கன்று வீசலாம். இளங்கன்றுகளுக்கு இருதயம் தாக்குண்டு, கொப்புளம் ஒன்றும் காணாமலே திடீரென மடியும். இதை விஷக்கடி என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. தேறிய சில மாடுகள் வெயில் பொறாமல் மாதக்கணக்கில் இளைக்கும்.

நோயுற்றதை உடனே பிரித்துக் கட்டி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். நல்ல மாடுகளைக் கவனித்த பின்னரே நோய் மாட்டை அணுகுதல் முறை. இக்கிருமி காரத்தைத் தாங்காது. ஆதலின் 10 லிட்டர் நீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்துத் தரை, தொட்டி, காலணி ஆகியவற்றைக் கழுவலாம். சாணம் முதலில் அகற்றப்படாவிடில் அக்கரைசல் வீணே. நோயுற்ற பசுவின் பாலைக் கன்றுக்குக் காய்ச்சியே ஊட்ட வேண்டும்.

தடுப்பூசி, நோய் கண்ட தொழுவுக்கு மருந்தாகாது; சுற்றியுள்ள ஊர்களுக்கே அரணாகும். அதையும் வெளி வட்டத்தில் தொடங்கி உள்நோக்கிப் போடுவர். ஊசி போடுபவரே கிருமியைச் சுமந்து செல்லாதிருக்கும் பொருட்டு இவ்வேற்பாடு. கன்றுக்கு நான்காம் மாதத்தில் முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து மறு ஊசியும், பின்னர் ஆறு மாதத்திற்கொரு முறையும் உரியன. சந்தையில் புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்டிப் பார்த்த பிறகே மந்தையில் சேர்க்கலாம்.