சுருள்வில் எதுவரை மீளும்?

தாங்கியில் தொங்கும் ஒரு எஃகுச் சுருள்வில்லின் கீழ்முனையில் எடைகளை ஒவ்வொன்றாக மாட்டி, அது எவ்வளவு நீள்கிறது என்று அளப்பது பள்ளி ஆய்வகங்களின் பழைய சோதனை. வில்லின் விறைப்பு எவ்வளவு என்பதும், எவ்வளவு சுமைக்குப் பிறகு அது பழைய நீளத்துக்குத் திரும்பாது என்பதும் இதில் தெரிய வேண்டும். முதலாவதற்கு ஒரு வரைபடம் போதும். இரண்டாவதற்கு வரைபடம் மட்டும் போதாது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

வில்லின் அடியில் ஒரு குறிமுள் கட்டப்பட்டிருக்கும். அதை ஒட்டி மீட்டர் அளவுகோல் செங்குத்தாக நிற்கும். எடைகள் 100 கிராம் வட்டுகள். ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ 1 நியூட்டன். வட்டை மாட்டியதும் வில் மேலும் கீழும் ஆடும். ஆட்டம் முற்றிலும் நின்ற பிறகு, கண்ணைக் குறிமுள்ளின் மட்டத்துக்கே கொண்டுவந்து அளவைப் படிக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் அளவு சில மில்லிமீட்டர் பிசகும்.

சுமையில்லாதபோது குறிமுள் 14.0 செ.மீ.யில் நிற்பதாகக் கொள்வோம். ஒரு வட்டுக்கு அது 18.0, இரண்டுக்கு 22.1, மூன்றுக்கு 25.9, நான்குக்கு 30.0, ஐந்துக்கு 34.0 என்று இறங்குகிறது. வரைபடத்துக்கு வேண்டியது இந்த அளவுகள் அல்ல, இவற்றிலிருந்து 14.0-ஐக் கழித்த நீட்சி: 4.0, 8.1, 11.9, 16.0, 20.0. ஒவ்வொரு நியூட்டனுக்கும் சுமார் 4 செ.மீ. நீட்சி. சுமையும் நீட்சியும் நேர்விகிதத்தில் இருக்கும் இந்த உறவை ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார். அதற்கான விடையை 1678-இல்தான் சொன்னார்.

நீட்சியைக் கிடை அச்சிலும் சுமையைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி அமையும். எல்லாப் புள்ளிகளையும் வளைத்து இணைக்கக் கூடாது. அவற்றின் நடுவே ஒரே கோடு வரைய வேண்டும். கோட்டின் மேல் தொலைவில் உள்ள இரு இடங்களை எடுத்தால், 4 நியூட்டன் கூடும்போது நீட்சி 0.16 மீட்டர் கூடுகிறது. 4-ஐ 0.16-ஆல் வகுத்தால் 25. மீட்டருக்கு 25 நியூட்டன் என்பதே சுருள்வில் மாறிலி. ஒற்றை அளவை வகுப்பதைவிடச் சாய்வு நம்பகமானது. ஏனெனில் சுருள்கள் ஒன்றையொன்று அழுத்தி நெருங்கியிருக்கும் வில்லில், சிறு சுமை அவற்றைப் பிரிக்கவே செலவாகிவிடும். கோடு தொடக்கப்புள்ளி வழியே போகாது. ஆனால் சாய்வு சரியாகவே இருக்கும்.

ஆறாவது வட்டுக்கு நீட்சி 24.4, கோட்டின்படி 24.0 வந்திருக்க வேண்டும். ஏழாவதுக்கு 32.5, இங்கே கோடு வெளிப்படையாக வளைந்துவிட்டது. இந்த வளைவு நேர்விகிதம் முடிந்ததையே காட்டுகிறது. மீட்சி எல்லை தாண்டப்பட்டதா என்று அறிய எடைகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆறு வட்டுகளையும் எடுத்ததும் குறிமுள் 14.0-க்கே வந்தால், வளைவு தொடங்கியும் வில் இன்னும் மீள்கிறது. ஏழு வட்டுகளை மாட்டி எடுத்தபின் அது 18.5-இல் நின்றுவிட்டால் 4.5 செ.மீ. நிரந்தர நீட்சி, ஆகவே மீட்சி எல்லை 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கிறது. கழற்றும்போதும் ஒவ்வொரு அளவையும் குறித்தால், புள்ளிகள் முதல் கோட்டுக்கு இணையான இன்னொரு கோட்டில் அமைவதைக் காணலாம். வில் நீண்டுவிட்டது, விறைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

வளைவு மெல்லத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சுருள்வில் நீளும்போது அதன் கம்பி இழுபடுவதைவிட முறுக்கப்படுவதே அதிகம். முறுக்கம் கம்பியின் மேற்பரப்பில் மிகுந்தும் நடுவில் குறைந்தும் இருப்பதால், அணு அடுக்குகள் முதலில் மேற்பரப்பில் வழுக்கி இடம் மாறுகின்றன. பிறகே அது உள்நோக்கிப் பரவுகிறது.

எல்லையை இன்னும் நெருக்கிக் காண வேண்டுமானால், 6 நியூட்டனிலிருந்து 20 கிராம் எடைகளாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் முழுச் சுமையையும் இறக்கிக் குறிமுள்ளைப் பார்க்க வேண்டும். அதற்கு அதே வகையைச் சேர்ந்த புதிய வில் தேவை. ஒருமுறை எல்லை தாண்டி இழுபட்ட எஃகு இறுகிவிடும். அதன் மீட்சி எல்லை இப்போது முன்னதைவிட உயர்வாகவே தெரியும்.