ஈராசிரியர் பள்ளியில் எதை மறைப்பது?

அயர்லாந்தின் மேற்கே, கெர்ரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1970களின் நடுவில் குடும்பத்தோடு தங்கி ஆய்வு செய்தார் அமெரிக்க மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹ்யூஸ். 1979இல் புத்தகம் வந்தபோது ஊருக்கு ‘பாலிபிரான்’ என்று ஒரு மாற்றுப் பெயர் வைத்திருந்தார். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருந்தார். ஆனாலும் ஒரு செய்தியாளர் அந்த ஊரைத் தேடிப் பிடித்துவிட்டார். ஊர்க்காரர்களுக்கோ தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்தப் பக்கத்தில் யார் பேசுகிறார் என்பது படித்த உடனே தெரிந்துவிட்டது. 1999இல் அவர் மறுபடி போனபோது, கிளம்பிவிடும்படி ஊரார் சொல்லிவிட்டார்கள். மாற்றுப் பெயரால் ஏமாறுபவர்கள் சிலரே, அதனால் காப்பாற்றப்படுபவர் யாருமில்லை என்று பின்னாளில் அவரே எழுதினார்.

பள்ளி ஆசிரியர்களை நேர்காணல் செய்யக் கிளம்பும் ஆராய்ச்சி மாணவர்கள், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது. ‘பங்கேற்பாளர்களின் பெயர் எங்கும் வெளியிடப்படாது’ என்ற வரி அதில் தவறாமல் இடம்பெறும். விண்ணப்பத்திலேயே எழுத எளிதான வரி அதுதான். ஆசிரியரைக் காப்பதில் மிகவும் பலவீனமான வரியும் அதுதான்.

ஒரு மாதிரி விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். கல்வியியலில் முனைவர் பட்டம் செய்யும் ஒருவர், ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க விரும்புகிறார். ஒரே ஒன்றியத்தில் 16 ஆசிரியர்கள். ஆளுக்கு முக்கால் மணி நேரம். வட்டாரக் கல்வி அலுவலரிடம் கடிதம் வாங்கி, தலைமையாசிரியர்களுக்கு அனுப்பி, ‘ஒரு ஆசிரியரை ஏற்பாடு செய்து தரவும்’ என்று கேட்பதாகத் திட்டம். பெயர்களுக்குப் பதில் ‘ஆசிரியர் 1’, ‘ஆசிரியர் 2’ என்று எண் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறார். குழு இதைத் திருப்பி அனுப்பினால் அது நியாயம்தான்.

முதல் கோளாறு ‘ஏற்பாடு செய்து தரவும்’ என்பதில் இருக்கிறது. அலுவலர் தருவது அனுமதி, அதாவது பள்ளிக்குள் கால் வைக்க உரிமை. ஒப்புதல் என்பது வேறு. அதைப் பேசப்போகும் ஆசிரியர் மட்டுமே தர முடியும். மேலதிகாரியின் கடிதம் கையில் வந்து, தலைமையாசிரியர் “டீச்சர், யுனிவர்சிட்டியிலிருந்து வந்திருக்காங்க, கொஞ்சம் பேசிடுங்க” என்று சொன்னபிறகு எந்த உதவி ஆசிரியர் மாட்டேன் என்பார்? அந்த நிலையில் அவர் போடும் கையெழுத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

திருத்தம் ஒன்றும் கடினமில்லை. அலுவலகத்திலிருந்து பள்ளிப் பட்டியலும் நுழைவு அனுமதியும் மட்டும் வாங்க வேண்டும். ஆய்வு பற்றிய ஒரு பக்கத் தாளை எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவாகக் கொடுத்து, விருப்பமுள்ளவர் தாமே ஆய்வாளரின் எண்ணுக்கு அழைக்கும்படி விட வேண்டும். யோசிக்க ஒரு வாரமாவது வேண்டும். பேசும் இடத்தை ஆசிரியர் முடிவு செய்யட்டும். யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்பது அலுவலகத்துக்கோ தலைமையாசிரியருக்கோ சொல்லப்படாது என்பதையும் எழுத்தில் சேர்க்க வேண்டும். பள்ளி நேரத்தில் பேசினால் அந்த முக்கால் மணி நேரம் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போவது யார் என்று குழு நிச்சயம் கேட்கும். ஈராசிரியர் பள்ளியில் அதற்குப் பதில் கிடையாது. ஆகவே மாலையில், அல்லது விடுமுறை நாளில்.

ஒப்புதல் படிவத்தின் மொழியும் கவனிக்க வேண்டியது. ‘மேற்படி ஆய்வின் நோக்கங்களை முழுமையாக அறிந்து எனது சுய விருப்பத்தின்பேரில்’ என்று தொடங்கும் படிவம் பத்திரப்பதிவு அலுவலகத்து ஆவணம்போல இருக்கிறது. அதைப் படித்து யாரும் முடிவெடுப்பதில்லை. கடைசி வரிக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறார்கள். பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழில் எழுதலாம்: ‘உங்கள் பள்ளியில் ஒரே நேரத்தில் பல வகுப்புகளை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்பேன். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நடுவில் நிறுத்தினால் காரணம் கேட்க மாட்டேன். பேசியதை எழுதி உங்களுக்கு அனுப்புவேன். அது கிடைத்து நான்கு வாரத்துக்குள் வேண்டாம் என்று சொன்னால் முழுவதையும் அழித்துவிடுவேன்.’

நான்கு வாரம் என்று கெடு வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘எப்போது வேண்டுமானாலும் விலகலாம்’ என்று பல படிவங்கள் சொல்கின்றன. பதினாறு பேரின் பேச்சும் கலந்து ஆய்வேடாகி அச்சுக்குப் போனபின் ஒருவரை மட்டும் உருவி எடுக்க முடியாது. காப்பாற்ற முடியாத வாக்கைப் படிவத்தில் எழுதக் கூடாது. அதேபோல நேர்காணலுக்கும், ஒலிப்பதிவுக்கும், சொன்னதை அப்படியே மேற்கோள் காட்டுவதற்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்பது நல்லது. பேசத் தயார், ஆனால் குரல் பதிவாக வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர்களிடம் குறிப்பெடுத்தால் போதும்.

கையெழுத்தே ஆபத்தாகும் இடமும் உண்டு. பேச்சையெல்லாம் எண்ணாக்கி மறைத்துவிட்டு, ஆசிரியரின் முழுப் பெயரும் கையெழுத்தும் தேதியும் உள்ள படிவத்தைத் துறை அலமாரியில் வைத்தால், அவரை ஆய்வோடு கட்டிப்போடும் ஒரே சான்று அந்தத் தாள்தான். இதனால்தான் அமெரிக்க ஆய்வு விதிகள், கையெழுத்துத் தாள் ஒன்றே அடையாளம் காட்டக்கூடியதாகவும் ரகசியம் கசிவதே முக்கிய ஆபத்தாகவும் இருந்தால் கையெழுத்து இல்லாமலே சம்மதம் பெறக் குழு அனுமதிக்கலாம் என்கின்றன. வாய்மொழிச் சம்மதம் போதும் என்று கேட்க விரும்புபவர், காரணத்தை விண்ணப்பத்தில் விளக்கிக் கேட்கலாம்.

இனி அந்த எண்களுக்கு வருவோம். ஆய்வேட்டில் இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ஆசிரியர் 7, பெண், 52 வயது, 27 ஆண்டு அனுபவம், மலையடிவாரப் பள்ளியின் தலைமையாசிரியர், கணவரும் அதே ஒன்றியத்தில் ஆசிரியர். மாதத்தில் பாதி நாள் கூட்டம், பயிற்சி, பதிவேற்றம் என்று போய்விடுகிறது, அன்றெல்லாம் பள்ளியில் பாடம் நடப்பதில்லை என்கிறார்.’ சென்னையில் இருந்து படிப்பவருக்கு இவர் யாரென்று தெரியாது. அந்த ஒன்றியத்து ஆசிரியருக்கோ, ‘மலையடிவாரம்’, ‘கணவரும் ஆசிரியர்’ என்ற இரண்டு சொற்கள் போதும். வட்டாரக் கல்வி அலுவலருக்கு அதுகூட வேண்டாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். அரசின் செயலைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கு அவ்விதிகளில் கட்டுப்பாடு உண்டு. ‘பாடம் நடப்பதில்லை’ என்ற வாக்கியம் அவருக்கு விளக்கம் கேட்கும் கடிதமாகத் திரும்பி வரலாம்.

வெளியாட்களிடமிருந்து மறைப்பதும் உள்ளாட்களிடமிருந்து மறைப்பதும் ஒன்றல்ல என்பதை நியூசிலாந்துச் சமூகவியலாளர் மார்ட்டின் டோலிச் 2004இல் ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டினார். நெறிமுறைக் குழுக்கள் முதலாவதைத்தான் பார்க்கின்றன, ஆபத்து பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கிறது என்பது அவர் வாதம். இன்னொன்றையும் சேர்க்கலாம். நேருக்கு நேர் பேசிய பிறகு ‘அடையாளம் தெரியாத பங்கேற்பாளர்’ என்று எழுதுவதே பிழை. ஆய்வாளருக்கு அடையாளம் தெரியும். அவரால் தர முடிந்தது ரகசியக் காப்பு மட்டும்தான். படிவத்திலும் அந்தச் சொல்லையே எழுத வேண்டும்.

ஆசிரியர் 7இன் பத்தியை எப்படித் திருத்துவது? எல்லாவற்றையும் அழித்துவிட்டால் ஆய்வு செத்துப்போகும். அவர் தலைமையாசிரியராகவும் பாடம் நடத்துபவராகவும் இருப்பதுதான் அங்கே செய்தி. அதை எடுக்க முடியாது. வயது, கணவரின் வேலை, மலையடிவாரம் மூன்றும் இல்லாமல் வாதம் நிற்கும். ‘இருபது ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ள ஒரு தலைமையாசிரியர்’ என்றால் போதும். மாவட்டத்தின் பெயரையும் ஒன்றியத்தின் பெயரையும் ஆய்வேடு முழுவதும் விட்டுவிடலாம். எண்ணும் பகைதான்: ஆசிரியர் 7 ஓரிடத்தில் தன் பயிற்சி அனுபவத்தைச் சொல்லி, இன்னோரிடத்தில் இடமாறுதல் கதையைச் சொன்னால், இரண்டையும் கோத்து ஆளைப் பிடித்துவிடலாம். சிக்கலான மேற்கோள்களுக்கு எண்ணே கொடுக்காமல் ‘ஒரு ஆசிரியர்’ என்று விடுவது அதனால்தான்.

பள்ளிக்கு ஒருவரை மட்டும் பேச வைப்பதும் ஈராசிரியர் பள்ளிக்கு மிகவும் பொருந்தும். இருவரையும் பேச வைத்தால், ‘என் சக ஆசிரியர்’ என்று தொடங்கும் ஒவ்வொரு வரியையும் அந்தச் சக ஆசிரியர் படிப்பார். ஆசிரியர்களின் பேச்சில் குழந்தைகளின் பெயரும் சாதியும் வீட்டுக் கதையும் தாமாகவே வரும். அந்தக் குழந்தைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தட்டச்சு செய்யும்போதே அவற்றை நீக்கிவிட வேண்டும். தட்டச்சை வெளியே கொடுத்தால் குரலைக் கேட்பவர் அதே ஊர்க்காரராக இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ரகசியத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மறைத்ததன் விலையை அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி கண்டது. வட அயர்லாந்து மோதல்களில் ஈடுபட்டவர்களிடம், அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியிட மாட்டோம் என்ற உறுதியோடு ஒலிப்பதிவுகள் எடுக்கப்பட்டன. 2011இல் பிரிட்டிஷ் காவல்துறைக்காக நீதிமன்ற ஆணைகள் வந்தன. பதிவுகளில் சில கைமாறின. தந்த உறுதி சட்டத்தின் முன் நிற்கவில்லை.

ஆசிரியர் நேர்காணலில் இந்த எல்லை இன்னும் அருகில் வரும். “போன வருஷம் ஒரு பிள்ளை என்கிட்ட வந்து அழுதுச்சு...” என்று தொடங்கும் பேச்சு எங்கே முடியும் என்று முன்கூட்டித் தெரியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ காவல்துறைக்குத் தெரிவிக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்துகிறது. ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். எனவே திருத்திய விண்ணப்பத்தில், ஆசிரியர் வாய் திறக்கும் முன்பே படித்துக்காட்ட வேண்டிய ஒரு வரி சேர்கிறது: ‘நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகவோ நடக்கப்போவதாகவோ தெரிந்தால், சட்டப்படி நான் தெரிவித்தே ஆக வேண்டும்.’ இதைக் கேட்டபின் சிலர் குறைவாகப் பேசலாம். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரிந்தே அவர்கள் பேசுவார்கள்.

கடைசிப் பக்கத்தில் வருவது அழிப்பு அட்டவணை. எழுத்து வடிவம் சரிபார்க்கப்பட்டதும் ஒலிப்பதிவு அழியும். எந்த எண் யாருடையது என்று சொல்லும் பட்டியல், பேச்சின் எழுத்து வடிவம் இருக்கும் கணினியில் இருக்காது. கடவுச்சொல் போட்டு வேறிடத்தில் இருக்கும், விலகும் கெடு முடிந்த மறுநாள் அதுவும் அழியும். அதற்கு முன், ஆசிரியர் 7இன் பத்தி அவருக்கே அனுப்பப்படுகிறது. அவர் ‘கூட்டம், பயிற்சி’ இரண்டையும் விட்டுவைத்து, ‘மாதத்தில் பாதி நாள்’ என்பதை மட்டும் பேனாவால் அடித்து, ‘பல நாட்கள்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினால், ஆய்வேட்டில் போக வேண்டியது அந்தத் திருத்தம்தான்.