நீங்கள் பிஸியானால் மட்டும் வருகிற பாசம்

1975-ல் ஸ்டீபன் வோர்ச்செல் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு ஜாடியை நீட்டி, அதிலிருந்து ஒரு பிஸ்கட்டைத் தின்று பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். சிலருடைய ஜாடியில் பத்து பிஸ்கட். சிலருடையதில் இரண்டே இரண்டு. இன்னும் சிலருக்குப் பத்து இருந்த ஜாடியை முதலில் கொடுத்துவிட்டு, தின்பதற்கு முன்பே வாங்கிக்கொண்டு, இரண்டு இருந்த ஜாடியைக் கையில் கொடுத்தார்கள். எதற்காக இந்த மாற்றம் என்பதற்கும் இரண்டு விதமாகக் காரணம் சொன்னார்கள். ஒரு பகுதியினரிடம், மற்றவர்கள் நிறையத் தின்றுவிட்டதால் அவர்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது என்றார்கள். மற்றவர்களிடம், ஜாடி தவறுதலாக மாறிவிட்டது என்றார்கள்.

எல்லா ஜாடியிலும் ஒரே பிஸ்கட்தான். ஆனாலும் குறைவாக இருந்ததைத்தான் மாணவர்கள் அதிகம் விரும்பினார்கள். நிறைய இருந்து கண்ணெதிரே குறைந்துபோனதன் மேல் ஆசை இன்னும் கூடியது. அதிலும், வேறு யாரோ கேட்டதால் குறைந்தது என்று அறிந்தவர்களிடம் அது உச்சத்துக்குப் போனது. இந்தப் பிஸ்கட் இன்னும் வேண்டும், இதற்கு அதிக விலை கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் சுவை அதிகம் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

நாம் வேலையில் மூழ்கும்போது மட்டும் நம்மைத் தேடி வருகிறவர்களைப் புரிந்துகொள்ள இந்தச் சோதனை பெரிதும் உதவும். ஒன்று வேண்டும் என்று தவிப்பது வேறு, அது பிடித்திருப்பது வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், மூளையில் இவை இரண்டும் வெவ்வேறு பாதைகளில் நடப்பதைப் பல ஆண்டு ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார். தவிப்பு ஏறும்போது பிடித்தமும் கூடவே ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கவிதா என்று பெயர் வைக்கலாம். அவருக்குப் பிரபு என்று ஒரு நண்பர். ஜூலை மாதம் முழுக்கக் கவிதா அனுப்பும் செய்திக்கு மாலையில் ‘ம்’ என்றோ ‘ஓகே’ என்றோ ஒரு பதில் வரும், அவ்வளவுதான். செப்டம்பர் பிறக்கிறது. வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள் வழக்கமாகச் செப்டம்பர் 30 என்பதால், கவிதா இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் இருக்கிறார். பதில் போடவே நேரமில்லை. இப்போது பிரபுவிடமிருந்து காலையிலேயே ‘என்ன ஆளையே காணோம்?’ என்று செய்தி வருகிறது. மதியம் ஒரு மிஸ்டு கால். இரவு ‘என்னை மறந்துட்டே போல.’ கவிதாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. இத்தனை நாள் இவர் மனதில் இருந்தது இப்போதுதான் வெளியே வருகிறதோ என்று நினைக்கிறார்.

அப்படியும் இருக்கலாம். ஒருவர் இல்லாதபோதுதான் அவர் நமக்கு எவ்வளவு முக்கியம் என்று உறைப்பது உண்மையிலேயே நடக்கிறது. ஆனால் செப்டம்பரில் வந்த செய்திகளை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. நேசமானாலும், போட்டியானாலும், கையில் இருந்தது நழுவுகிறதே என்ற பதற்றமானாலும் அந்த மாதத்தில் ஒரே மாதிரி செய்திகளைத்தான் அனுப்ப வைக்கும். பார்க்க வேண்டியது அக்டோபரை.

அதற்கு முன் அந்தச் செய்திகளில் என்ன கேட்கப்படுகிறது என்பதைக் கவனிக்கலாம். பிடித்திருப்பதால் தேடுகிறவர் கவிதாவின் நிலைமையைக் கேட்பார்: ‘சாப்பிட்டியா? இன்னும் எத்தனை ஃபைல் பாக்கி? எப்படி வீட்டுக்குப் போவே?’ போட்டியில் தேடுகிறவர், கவிதாவின் நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பார்: ‘யார் கூட இருக்கே? ஸ்டேட்டஸ்ல பக்கத்துல நிக்கறது யாரு? அவங்களுக்கு மட்டும் டைம் இருக்கா?’ வோர்ச்செலின் சோதனையில் உச்சத்துக்குப் போனது இந்த இரண்டாம் வகை ஆசைதான். வேலைப்பளு என்று சொன்னால் அடங்கிவிடுகிற தேடல், அலுவலக நண்பர்களோடு மகாபலிபுரம் போனதாகச் சொன்னவுடன் பொங்கினால், கவிதாவைவிட அந்த நண்பர்கள்தான் பிரபுவைத் தூண்டுகிறார்கள் என்று கொள்ளலாம். ஒரு பொறாமைக் கேள்வியை மட்டும் வைத்து இப்படி முடிவுகட்டக் கூடாது; நேசிக்கிறவருக்கும் பொறாமை வரும். வேறு எந்தக் கேள்வியும் வராமல் இருப்பதுதான் அடையாளம்.

போட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பிரபுவும் அதே துறையில் இருந்தால், அவர் போட்டி போடுவது கவிதாவோடேயே இருக்கலாம். நெருங்கியவர் ஒருவர் நாம் முக்கியமாக நினைக்கும் துறையிலேயே நம்மைத் தாண்டிப் போகும்போது அது மனதை உறுத்தும் என்று ஏப்ரகாம் டெஸர் என்ற உளவியலாளர் 1980-களில் விளக்கினார். அப்படி உறுத்தும்போது வரும் விசாரிப்பு அக்கறை போலவே இருக்கும். ‘இப்ப எத்தனை கிளையன்ட் பார்க்கறே? பார்ட்னர் உன்னைத்தான் கூப்பிடறாரா?’ என்று பேச்சு முழுக்க அளவெடுப்பாகவே போகும். கவிதா களைத்துப்போயிருப்பதாகச் சொன்னால் அந்தச் சொல் காற்றோடு போய்விடும்.

இனி அக்டோபர். அறிக்கைகள் போய்ச் சேர்ந்துவிட்டன, கவிதா ஆறு மணிக்கே வீட்டில் இருக்கிறார். பழையபடி உடனே பதில் போடுகிறார், ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாமா என்று கேட்கிறார். இரண்டு மூன்று வாரம் பார்த்தால் போதும். பிரபு வந்து, உட்கார்ந்து பேசி, அடுத்த சந்திப்பை அவரே கேட்டால் அது நேசம்தான். மறுபடியும் ‘ம்’, ‘ஓகே’ என்று இறங்கிவிட்டால், தவித்தவருக்குப் பிடித்தம் இருக்கவில்லை என்று பொருள். எவருக்கும் ஒரு மோசமான மாதம் வரும். வேலை, உடம்பு, வீட்டுப் பிரச்சினை என்று எதுவும் இருக்கலாம். ஆகவே ஒரு முறை நடந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கவிதா பிஸியாகும் ஒவ்வொரு தடவையும் ஏறி, ஓய்ந்த ஒவ்வொரு தடவையும் இறங்கினால்தான் அது ஒழுங்கான பழக்கம்.

அப்படியானால் எப்போதும் பிஸியாக இருப்பது போலவே நடித்தால் என்ன என்று தோன்றும். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எலைன் வால்ஸ்டரும் குழுவினரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டாத பெண்ணை ஆண்கள் அதிகம் விரும்புவார்கள் என்ற நம்பிக்கை சோதனைக்குச் சோதனை பொய்த்தது. கடைசியில், மற்றவர்களிடம் விலகி இருந்து தன்னிடம் மட்டும் விருப்பம் காட்டும் பெண்ணைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2014-ல் ஹாங்காங்கின் சியான்சி டாயும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. பிடிகொடுக்காமல் நடந்துகொண்ட பெண்ணை, ஏற்கெனவே அவள்மேல் மனம் வைத்திருந்தவர்கள் இன்னும் அடைய விரும்பினார்கள். அதே நேரம் அவளைப் பிடித்திருந்த அளவு குறைந்தது. மனம் வைக்காதவர்களிடம் இரண்டுமே குறைந்தன. இவை பெரும்பாலும் முன்பின் பழகாதவர்களிடம், குறுகிய நேரத்தில் நடத்தப்பட்டவை. பல வருடப் பழக்கத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. என்றாலும் நடிப்பால் கிடைப்பது தவிப்புதான், பிடித்தம் இல்லை என்பது இவற்றில் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் வாழ்க்கையிலும் இப்படி ஒருவர் இருந்தால், வேலையைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டாம், கூட்டிக்காட்டவும் வேண்டாம். ஓய்வாக இருக்கும் ஒரு வாரத்தில் நேராகவே கேட்டுவிடுங்கள்: ‘நான் வேலையா இருந்தப்போ தினமும் தேடினே. இப்ப ஃப்ரீயா இருக்கேன், பேசறதே இல்லை. ஏன்?’ அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல முடியாதவருக்காக அடுத்த செப்டம்பரில் மகிழ்ந்துபோகாதீர்கள்.