காலி அறையும் காசு கேட்கும்

பழனி அடிவாரத்தில் பத்து அறைகள் கொண்ட ஒரு சிறிய லாட்ஜ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தைப்பூசத்தின்போது அறை கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போவார்கள். விசேஷம் இல்லாத ஒரு புதன்கிழமை இரவில் சாவிப் பலகையில் ஏழு சாவிகள் அப்படியே தொங்கும். இங்கே ஓர் அறையை ஓர் இரவுக்கு விட எவ்வளவு செலவாகிறது?

சோப்பு, பெட்ஷீட் சலவை, கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து 250 ரூபாய் என்று கொள்வோம். இது ஆள் தங்கினால் மட்டும் வரும் செலவு. கட்டட வாடகை, மேனேஜர், ரூம் பாய், வாட்ச்மேன் சம்பளம், இன்டர்நெட், பராமரிப்பு எல்லாம் யாரும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுத்தாக வேண்டியவை. இந்த நிலையான செலவு மாதம் 1,50,000 ரூபாய் என்று வைப்போம்.

பத்து அறை, முப்பது நாள் என்றால் மாதத்துக்கு 300 அறை இரவுகள். அவற்றில் 90 மட்டும் நிரம்பினால், அதாவது 30 சதவீதம் என்றால், ஒவ்வொன்றின் தலையிலும் 1,667 ரூபாய் நிலையான செலவு விழும். 250-ஐக் கூட்டினால் 1,917. பாதி நிரம்பினால் அது 1,250 ஆகும். 80 சதவீதத்தில் 875, முழுதும் நிரம்பினால் 750.

செலவு ஒரே சீராக இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முப்பதிலிருந்து ஐம்பதுக்கு ஏறும்போது ஓர் இரவுக்கு 667 ரூபாய் குறைகிறது. எண்பதிலிருந்து நூறுக்கு ஏறும்போது குறைவது 125 மட்டுமே. அதனால் ஆள் பிடிக்கும் முயற்சி வெறிச்சோடிய நாட்களுக்குத்தான் தேவை. தானாக நிரம்பும் திருவிழா நாளில் தள்ளுபடி கொடுப்பது வருமானத்தை விட்டுக்கொடுப்பது.

வாடகை 1,200 என்றால், ஓர் இரவில் 250 போக 950 மிஞ்சும். 1,50,000-ஐ அதால் வகுத்தால் 158 இரவுகள் வரும். மாதத்தில் ஏறக்குறைய 53 சதவீதம் நிரம்பினால்தான் கைநஷ்டம் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து, "எழுநூறுக்குத் தருவீங்களா?" என்று கேட்டால் கொடுக்கலாமா? அறை எப்படியும் காலியாகத்தான் கிடக்கும் என்றால் கொடுக்கலாம். 250 போக 450 ரூபாய் வாடகைக்கும் சம்பளத்துக்கும் உதவும். ஆனால் அந்த எழுநூறே வழக்கமான விலையாகிவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். 1,50,000-ஐ 450-ஆல் வகுத்தால் 333 இரவுகளுக்கும் சற்று மேல் வேண்டும். லாட்ஜில் இருப்பதோ 300. மாதம் முழுக்க ஓர் அறைகூடக் காலியில்லாமல் ஓடினாலும் நஷ்டம்தான்.

எனவே ரிஜிஸ்டரில் நிரம்பிய அறைகளை மட்டும் எண்ணினால் போதாது. எந்த அறை என்ன விலைக்குப் போனது என்பதையும் எழுதி, மாதக் கடைசியில் ஓர் இரவுக்குச் சராசரியாக என்ன வந்தது, என்ன செலவானது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.