எல்லைத் தமிழரை எட்டாத "கிளை திறப்பு" அறிவிப்புகள்

புதுதில்லி: "புதிய கிளை திறப்பு" என்று தலைநகரிலிருந்து வெளியாகும் பத்திரிகைக் குறிப்பில், மூணாறு தோட்டத் தொழிலாளிக்கும் பரம்பிக்குளம் மலைவாசிக்கும் பயன்படுபவை இரண்டே பகுதிகள். ஒன்று முதல் வரி. மற்றது கடைசியில் உள்ள தொடர்பு விவரம். என்ன சேவை, எங்கே, எந்த நாள் முதல் என்பதை முதல் வரி சொல்ல வேண்டும். யாரை, எப்படி அணுகுவது என்பதைக் கடைசி வரி சொல்ல வேண்டும். நடைமுறையில் முதல் வரியைத் திறந்து வைப்பவரின் பெயர் நிரப்பி விடுகிறது. கடைசி வரி, நாளிதழில் இடம் போதாத போது முதலில் வெட்டப்படுகிறது.

இந்திய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கியின் தொடக்கம் இதற்கு நல்ல உதாரணம். 2018 ஆகஸ்ட் 21-ல் நடைபெறவிருந்த விழா, முன்னாள் பிரதமர் வாஜ்பாய் மறைவையொட்டித் தள்ளி வைக்கப்பட்டது. செப்டம்பர் 1-ம் தேதி தில்லி தல்கடோரா அரங்கில் பிரதமர் நரேந்திர மோடி வங்கியைத் தொடங்கி வைத்தார். 650 கிளைகள், 3,250 அணுகு மையங்கள் என்ற எண்ணிக்கை மறுநாள் நாளிதழ்களில் பரவலாக இடம்பெற்றது. நாட்டிலுள்ள 1.55 லட்சம் அஞ்சலகங்களையும் அந்த ஆண்டு இறுதிக்குள் இணைப்பது இலக்கு என்றும் அறிவிக்கப்பட்டது.

அந்த நாள்களில் கேரளம் பெருவெள்ளத்திலிருந்து மீளத் தொடங்கியிருந்தது. இடுக்கியில் மண்சரிவால் சாலைகள் பல துண்டிக்கப்பட்டிருந்தன. அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து பணம் தருவார் என்பது அந்த மாவட்டத்துக்கு மிகப் பெரிய செய்தி. ஆனால் தில்லியின் அறிவிப்பு, நாடு முழுமைக்கும் பொதுவான எண்ணிக்கையை முன்னிறுத்தியது. அந்தக் கணக்கில் தனது ஊர் எங்கே இருக்கிறது என்பதை எல்லைப்புற வாசகரால் அதிலிருந்து அறிய இயலாது.

கிளையா, மையமா?

குழப்பம் "கிளை" என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. மேற்கண்ட 650 கிளைகள் ஏறத்தாழ மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்தவை. இடுக்கி அஞ்சல் கோட்டத்தின் தலைமையகம் தொடுபுழா. அங்கே திறக்கப்படும் கிளையை "இடுக்கி மாவட்டத்தில் புதிய கிளை" என்று எழுதுவதில் பிழை இல்லை. ஆனால் மறையூர்வாசி அங்கு செல்ல மூணாறு வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். அவருக்குத் தமிழகத்தின் உடுமலைப்பேட்டை, அதில் பாதித் தொலைவுகூட இல்லை. அவருக்கு உண்மையில் பயன்படுவது, உள்ளூர் அஞ்சலகத்தில் அமையும் அணுகு மையமே.

ரிசர்வ் வங்கி 2017 மே மாதம் வெளியிட்ட விதிமுறைகளும் இங்கு கவனிக்கத்தக்கவை. வங்கி ஊழியரோ, வங்கியின் முகவரோ ஓரிடத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது 4 மணி நேரம், வாரத்தில் 5 நாள்களாவது சேவை அளித்தால் அது "வங்கிச் சேவை மையம்" என்று கணக்கிடப்படும். ஆகவே அறிவிப்பில் "புதிய மையம்" என்றிருந்தால், அது முழு அளவிலான கிளையாகவும் இருக்கலாம். ஒரு கடையின் மூலையில் முகவர் அமர்ந்திருக்கும் மேஜையாகவும் இருக்கலாம். பணியில் இருப்பவர் யார், எத்தனை மணி நேரம் என்ற இரு கேள்விகளுக்கு விடை இல்லாத அறிவிப்பை ஐயத்துடன்தான் படிக்க வேண்டும்.

மற்றொரு குழப்பம் சேவையின் எல்லை பற்றியது. பேமென்ட்ஸ் வங்கிகள் கடன் வழங்க அனுமதி இல்லை. ஒரு வாடிக்கையாளரின் இருப்பு 2018-ல் 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. 2021-ல் இந்த வரம்பு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. "வங்கி திறப்பு" என்று மட்டும் படித்துவிட்டு, காந்தளூர் அல்லது வட்டவடை காய்கறி விவசாயி பயிர்க்கடன் கேட்டுச் சென்றால் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமுமே நஷ்டம்.

முதல் வரி எப்படி இருக்க வேண்டும்?

மறையூர் அஞ்சலகத்தில் இத்தகைய மையம் ஒன்று திறக்கப்படுவதாக வைத்துக் கொள்வோம். வழக்கமான அறிவிப்பு இப்படித் தொடங்கும்: "மத்திய அரசின் மக்கள் நலத் திட்டங்களின் ஒரு பகுதியாக, மாண்புமிகு அமைச்சர் அவர்கள் புதிய வங்கி மையத்தைத் திறந்து வைத்தார்." ஊர் பெயர் இதில் இல்லை. எந்த ஊருக்கும் பொருந்தும் வரி என்பதால், எந்த ஊருக்கும் இது செய்தி ஆகாது.

அதையே இவ்வாறு எழுதலாம்: "மறையூர் அஞ்சலகத்தில் திங்கள்கிழமை முதல் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், பணம் எடுக்க இனி மூணாறு செல்ல வேண்டியதில்லை." இதில் இடம், நாள், சேவை, மாற்றம் ஆகிய நான்கும் உள்ளன. கடன் வசதி இல்லை என்பதை இரண்டாவது வரியில் சொல்லிவிட வேண்டும். திறந்து வைத்தவர் பெயர் மூன்றாவது வரிக்குச் செல்லலாம். நாளிதழ் ஆசிரியர் கீழிருந்து வெட்டினாலும் செய்தி உயிரோடு இருக்கும்.

தொடர்பு விவரம்

பாலக்காடு மாவட்டம் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குப் பேருந்து செல்லும் வழக்கமான பாதை, தமிழகத்தின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே அமைந்துள்ளது. "பாலக்காடு மாவட்டம்" என்று முகவரி எழுதினால் போதாது. "பொள்ளாச்சி - டாப்சிலிப் வழி" என்ற சொற்களும் வேண்டும். அஞ்சல் குறியீட்டு எண்ணும் அவசியம். கேரளத்தின் குறியீடுகள் 67, 68, 69 என்று தொடங்குபவை, மறையூருக்கு 685620. எல்லையின் இரு புறமும் ஒரே மாதிரி ஒலிக்கும் ஊர்ப் பெயர்களைப் பிரித்தறிய இதுவே எளிய வழி.

தொலைபேசி எண்ணைப் பொருத்தவரை, அதிகாரி ஒருவரின் கைபேசி எண் மட்டும் போதாது. அவர் மாற்றலாகிச் சென்றால் எண்ணும் அவருடன் போய்விடும். அலுவலகத்தின் நிலையான எண், வேலை நேரம், பொறுப்பாளரின் பதவிப் பெயர் ஆகியவை வேண்டும். மலைப்பகுதியில் இவற்றுடன் நேரில் செல்லும் முகவரியும் தேவை. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மண்சரிவு ஏற்பட்டு 70 பேர் பலியாயினர். அவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலைதான் கிடைத்தது. செல்பேசிக் கோபுரத்தை மட்டும் நம்பிய தொடர்பு விவரம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எந்த மொழியில்?

மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழ்க் குறிப்புகளைச் சென்னையிலிருந்தும், மலையாளக் குறிப்புகளைத் திருவனந்தபுரத்திலிருந்தும் வெளியிடுகிறது. கேரளக் கிளை பற்றிய குறிப்பு மலையாளத்தில் செல்கிறது. சென்னையிலிருந்து வருபவை தமிழகச் செய்திகளாகவே இருக்கின்றன. 1956 மாநில மறுசீரமைப்பில் கேரளத்துடனேயே நீடித்த தேவிகுளம், பீர்மேடு தமிழர் இவ்விரண்டுக்கும் நடுவே விடுபடுகின்றனர்.

வங்கிப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கேரளத்தில் வட்டார மொழி என்றால் மலையாளம் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. அதே வேளையில், மாவட்டத்திலோ தாலுகாவிலோ மொழிச் சிறுபான்மையினர் 15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது அனைத்து மாநிலங்களும் ஏற்ற பாதுகாப்பு ஏற்பாடு. மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் கண்காணிக்க வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

புதிய கிளை பற்றிய பொது அறிவிப்பையும் இந்த வரையறைக்குள் கொண்டுவரச் சட்டத் திருத்தம் தேவையில்லை. திருவனந்தபுரம் அலுவலகம் தமிழில் ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்து அனுப்பினால் போதும். இடுக்கி, பாலக்காடு தொகுதி மக்களவை உறுப்பினர்கள் தில்லியில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை கிளைகள் திறக்கப்பட்டன என்பது மட்டுமல்ல. அந்தச் செய்தி எந்த மொழியில், யாருடைய கைக்குச் சென்று சேர்ந்தது என்பதுமாகும்.