பணம் போனது, ஆர்டர் பதிவாகவில்லை

இணையக் கடையின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானால், பிரவுசர் எச்சரித்துப் பணம் கட்டும் பக்கத்தைத் தடுத்துவிடும். அதற்கான மன்னிப்பு மின்னஞ்சலில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று மட்டும் எழுதுவது போதாது.

தேதி முடிந்ததாலேயே கார்டு எண் திருடு போய்விடாது. பதிவுகளைச் சரிபார்த்து அதைக் கடை தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரிய சிக்கல் வேறு. சான்றிதழ் முடிகிற தறுவாயில் ஒருவர் பணம் கட்டுகிறார், வங்கியில் தொகை கழிகிறது. அந்தத் தகவலைக் கடையின் சர்வரிடம் சொல்லப் போகும் பேமென்ட் கேட்வே, காலாவதியான சான்றிதழைக் கண்டு இணைப்பை மறுத்துவிடலாம். ஆர்டர் பதிவாகாது.

ஆகவே மின்னஞ்சலில் இப்படி ஒரு வரி அவசியம்: “காலை 9.10 முதல் 10.40 வரை பணம் கட்டியவர்கள் மறுபடி கட்ட வேண்டாம். ஆர்டரை நாங்களே பதிவு செய்வோம், இல்லையேல் பணத்தைத் திருப்புவோம்.”

இப்படி மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள லிங்க்கை அழுத்தாமல் நேரே கடையின் தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.